பள்ளி மணியின் பதினொரு விநாடிகள்

நான் இயற்பியல் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் மணியடிக்கும் வேலையை ஒரு சிறிய மின்னணுப் பெட்டி செய்கிறது. அர்டுயினோ நானோ பலகை ஒன்று, ஒரு ரிலே, வராந்தாவில் தொங்கும் மின்மணி, நேரம் சொல்வதற்கு ஓர் ஆர்டிசி சிப் ஆகியவை அதன் முக்கியப் பாகங்கள். பள்ளியில் இணைய இணைப்பு கிடையாது. பெட்டி இருக்கும் இடமோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே. மின்சாரம் எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. நேரத்தைத் தானே சுமந்துகொண்டு, மின்சாரம் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரம் இத்தகைய இடத்துக்குத்தான் தேவைப்படுகிறது.

முதலில் பொருத்தியது விலை மலிவான டிஎஸ்1307. இந்தச் சிப்புக்கு வெளியே ஒரு சிறு குழாய் போன்ற குவார்ட்ஸ் படிகத்தை இணைக்க வேண்டும். படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர, சிப் அதைத் திரும்பத் திரும்ப இரண்டால் வகுத்து ஒரு விநாடியைப் பெறுகிறது. 2022 ஜனவரி முழுவதும் பார்த்ததில் மாதக் கடைசியில் கடிகாரம் 13 விநாடி பின்தங்கியிருந்தது. ஒரு நாளைக்கு 0.42 விநாடி இழக்கிறது என்றால், நாளொன்றுக்கு அதைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். மே மாதக் கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 15 விநாடி பின்தங்கியிருந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அலுவலக உதவியாளர், "சார், நம்ம பெல்லு வெயில்ல சோர்ந்து போயிடுது போல" என்றார். வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் காரணத்தைச் சரியாகவே சொல்லிவிட்டார்.

கடிகாரங்களில் பயன்படும் இந்த வகைப் படிகம் சுமார் 25 டிகிரி செல்சியஸில் மிக வேகமாக அதிர்கிறது. அதிலிருந்து வெப்பம் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, வேகம் குறையவே செய்கிறது. எவ்வளவு குறைகிறது என்பது வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரு பிபிஎம் என்று கொண்டால், 25 டிகிரியிலிருந்து விலகும் டிகிரிகளின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் கிடைப்பதே இழப்பு. ஜனவரியில் பெட்டிக்குள் சராசரி 27 டிகிரி இருந்தது. விலகல் 2, அதன் வர்க்கம் 4, இழப்பு 0.14 பிபிஎம், அதாவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. மே மாதத்தில் சராசரி 38 டிகிரி. விலகல் 13, வர்க்கம் 169, இழப்பு 5.7 பிபிஎம். ஒரு பிபிஎம் என்பது நாளொன்றுக்கு 0.0864 விநாடி என்பதால், இது நாளுக்கு ஏறத்தாழ அரை விநாடி, 31 நாளில் 15 விநாடி. கூரையின் சூடு அப்படியே கடிகாரத்தில் பதிவாகியிருந்தது.

ஜனவரியில் அளந்த நிலையான திருத்தம் மே மாதத்துக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். வெப்பமானி ஒன்றைச் சேர்த்து, இந்தச் சூத்திரத்தை நிரலிலேயே கணக்கிட்டுத் திருத்தலாம்தான். ஆனால் மின்சாரம் போன நேரத்தில் நானோ உறங்கிவிடும், சிப் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்து வெப்பநிலையை யார் அளப்பது? அதனால் ஜூலையில் டிஎஸ்3231க்கு மாறினேன்.

டிஎஸ்3231இல் படிகம் சிப்பின் உறைக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் உண்டு. 64 விநாடிக்கு ஒருமுறை சிப் தன் வெப்பநிலையை அளந்து, படிகத்தோடு இணைந்த சிறு மின்தேக்கிகளைச் சேர்த்தோ விலக்கியோ அதன் வேகத்தைச் சரிக்கட்டுகிறது. 0 முதல் 40 டிகிரி வரை பிழை 2 பிபிஎம்முக்குள் இருக்கும் என்பது தயாரிப்பாளரின் உறுதி. அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வாங்கும்போது சிப்பின் முதுகில் உள்ள எழுத்துகளைப் படித்துவிடுவது நல்லது. இறுதியில் 'எம்' என்று முடியும் வகையில் குவார்ட்ஸ் படிகமே கிடையாது, அதன் பிழை வரம்பு 5 பிபிஎம். கீழே நான் சொல்லும் திருத்தப் படிகளின் அளவும் அதில் வேறு.

இனி பிழைதிருத்தத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே, மின்சாரம் இல்லாதபோது சிப்பை ஓட்ட வேண்டிய பட்டன் செல் என்னைக் கவிழ்த்தது. நவம்பர் மாத மழையில் ஓர் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் வந்து பார்த்தால் பெட்டியின் திரை 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. டிஎஸ்3231 முற்றிலும் உயிரிழந்து மறுபடி எழும்போது காட்டும் தேதி அது. செல்லைக் கழற்றிப் பார்த்தேன். நான்கே மாதம் ஆன சிஆர்2032, நடுவில் லேசாகப் புடைத்திருந்தது.

குற்றவாளி சிப்பும் அல்ல, செல்லும் அல்ல. சிப்பும் செல்லும் அமர்ந்திருக்கும் மாட்யூல் பலகைதான், இசட்எஸ்-042 என்று முதுகில் அச்சிட்டு எல்லா இடத்திலும் கிடைக்கும் அதே நீலப் பலகை. அதில் 5 வோல்ட் வழியிலிருந்து செல்லை நோக்கி ஒரு 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மறுபடி மறுபடி சார்ஜ் செய்யத்தக்க எல்ஐஆர்2032 வகைச் செல்லை மனதில் வைத்து அமைத்த சார்ஜ் வழி அது. நாம் போடுவதோ சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032. டயோடில் சுமார் 0.6 வோல்ட் கழிந்தாலும் 4.4 வோல்ட் அழுத்தம், 3 வோல்ட் செல்லின் மேல் இரவும் பகலும் நிற்கிறது. எல்ஐஆர்2032க்கும்கூட 4.2 வோல்ட்டுக்கு மேல் ஆகாது என்பதால், அந்த வழி எந்தச் செல்லுக்கும் நல்லதல்ல. பலகையை 3.3 வோல்ட்டில் இயக்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டயோடைக் கடந்த பின் மிஞ்சும் 2.7 வோல்ட்டால் 3 வோல்ட் செல்லுக்குள் எதையும் தள்ள முடியாது. நான் 5 வோல்ட்டில் இயக்கியிருந்தேன். சால்டரிங் அயர்னால் அந்த ரெசிஸ்டரை எடுத்தெறிந்ததும் பிரச்சினை முடிந்தது. பலகையில் அது இருந்த இடத்தில் இப்போது இரண்டு வெள்ளீயப் புள்ளிகள் மட்டும் தெரிகின்றன.

செல்லைப் பற்றி இன்னும் ஒன்று. மல்டிமீட்டரை வைத்து 3 வோல்ட் காட்டுகிறது என்று திருப்தியடைவதில் அதிகப் பொருள் இல்லை. இவ்வகை லித்தியம் செல் ஆயுளின் பெரும்பகுதியிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டிவிட்டு, கடைசியில் சட்டென்று சரியும். நல்ல செல் சிப்புக்கு எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் கணக்கிடலாம். செல்லில் ஓடும்போது டிஎஸ்3231 அதிகபட்சம் 3 மைக்ரோஆம்பியர் எடுக்கும், செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்தால் 73,000 மணி நேரம், அதாவது எட்டாண்டுக்கு மேல். மின்சாரம் இருக்கும் நேரத்தில் செல்லிலிருந்து அனேகமாக எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஆகவே நல்ல செல் ஒரே ஆண்டில் தீர்ந்தால், அதை மாற்றுவதற்கு முன் சுற்றில் எங்கோ கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

செல் உண்மையில் வேலை செய்ததா என்பதைச் சிப்பே சொல்லும். சிப்பின் உள்ளே எண்களைத் தாங்கும் சிறு நினைவிடங்களுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். `0x0F` என்ற நிலை ரெஜிஸ்டரின் மேல் பிட், படிகத்தின் அதிர்வு எப்போதாவது நின்றிருந்தால் 1 ஆகிவிடும், நாம் அழிக்கும்வரை 1 ஆகவே நிற்கும். நேரம் சரிபோலத் தோன்றினாலும் அந்த பிட் 1 என்றால் அந்த நேரத்தை நம்பக்கூடாது. இப்போது என் பெட்டி எழுந்தவுடன் முதலில் இதைப் பார்க்கிறது. 1 என்றால் மணி அடிக்காமல் சிவப்பு விளக்கை எரியவிடுகிறது. தவறான நேரத்தில் அடிக்கும் மணியைவிட அடிக்காத மணி மேல் என்பது என் கருத்து. தலைமையாசிரியருக்கு இதில் உடன்பாடில்லை.

இனிதான் பிழையை அளப்பது. 2 பிபிஎம்முக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்தை ஒரே நாளில் அளக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கைப்பேசியை அருகில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டால் கால் விநாடி முன்பின்னாகத்தான் படிக்க முடியும். தொடக்கத்தில் கால், முடிவில் கால் என்று அரை விநாடி ஐயம் சேர்கிறது. ஒரு நாள் இடைவெளியில் அரை விநாடி என்பது 5.8 பிபிஎம். தேடும் பிழையைவிட அளவுகோலின் பிழை பெரிது. அதே அரை விநாடி 30 நாளில் 0.2 பிபிஎம்மாகச் சுருங்கிவிடும். கருவி எதுவும் இல்லாதவருக்கும் பொறுமை மட்டுமே போதும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லாததாலும், எண்கள் மாதாமாதம் எப்படி நகர்கின்றன என்று பார்க்க ஆசைப்பட்டதாலும், சற்றுத் துல்லியமான வழியை அமைத்துக்கொண்டேன். சிப்பில் எஸ்க்யூடபிள்யூ என்று பெயரிட்ட முனையை, ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பைத் தரும்படி அமைக்கலாம். அந்தத் துடிப்பு மேலிருந்து கீழே விழும் கணமே சிப்பில் அடுத்த விநாடி பிறக்கும் கணம். நானோ அந்தக் கணத்தில் தொடர்முனை வழியாக ஓர் எழுத்தை அனுப்புகிறது. கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, என்டிபி என்ற இணைய நேரச் சேவை வழியாக நேரத்தைச் சரிசெய்துகொண்ட மடிக்கணினி, எழுத்து வந்து சேர்ந்த நேரத்தைப் பதிகிறது.

```
import serial, time
p = serial.Serial('/dev/ttyUSB0', 115200)
for i in range(60):
    p.read(1)
    print(time.time())
```

அறுபது எண்களின் தசமப் பகுதிகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வேன். அது 0.14 என்று இருந்தால், கணினியின் விநாடி பிறந்து 0.14 விநாடி கழித்தோ, அடுத்த விநாடிக்கு 0.86 விநாடி முன்னரோ துடிப்பு வந்திருக்கிறது. எது என்பதைத் திரையில் உள்ள முழு விநாடி சொல்லிவிடும். யுஎஸ்பி வழியாக வருவதில் சில மில்லி விநாடித் தாமதம் உண்டு. ஆனால் அந்தத் தாமதம் ஒவ்வொரு அளவீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது காணாமல் போகிறது. கைப்பேசி இணையத்தின் வழியே வந்த நேரத்தில் மிஞ்சும் ஐயத்தை 0.05 விநாடி என்று வைத்துக்கொண்டேன்.

அளக்கும் காலத்தில் கடிகாரத்தைத் தொடவே கூடாது. விநாடி ரெஜிஸ்டரில் எதையாவது எழுதினால், சிப் தன் உள்ளே நடந்துகொண்டிருக்கும் வகுத்தலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் நாள் நேரத்தை வைக்க இது உதவியே. கணினியின் விநாடி பிறக்கும் கணத்தில் எழுதினால் கடிகாரமும் அதே கணத்தில் புறப்படும். ஆனால் நடுவில் எழுதினால் அதுவரை சேர்த்த மாதங்கள் வீண். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் மாதிரி நிரல்களின் `setup()` பகுதியில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
rtc.adjust(DateTime(F(__DATE__), F(__TIME__)));
```

நிரலைத் தொகுத்த நேரத்தை, நானோ எழும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தில் எழுதும் வரி அது. மின்தடைக்குப் பின்னும் எழுதும். மடிக்கணினியில் தொடர்முனையைத் திறந்தாலே நானோ மறுதொடக்கம் ஆகும் என்பதால், அளக்கப் போகும் செயலே அளவைக் கெடுத்துவிடும். முதல் முறை நேரம் வைத்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இதே சிப்பை வைத்திருந்த என் நண்பர் ஒருவர், மூன்று மாதத்தில் பிழையே இல்லை என்று மகிழ்ந்தார். என்டிபியோடு இணைந்திருக்கும் லினக்ஸ் கர்னல், சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை தன் நேரத்தை ஆர்டிசியில் எழுதிவிடும். அவர் அளந்தது சிப்பை அல்ல, இணையத்தை.

2023 ஜனவரி 1 அன்று நேரத்தை வைத்தேன். அன்றைய முதல் அளவீட்டில் கடிகாரம் 0.04 விநாடி முந்தியிருந்தது. ஜனவரி 31இல் 3.86, மார்ச் 2இல் 7.65, ஏப்ரல் 1இல் 11.44. ஒவ்வொரு 30 நாளிலும் 3.8 விநாடிக்கு மிக அருகில் முந்திக்கொண்டே போயிருக்கிறது. பழைய சிப்பைப் போலப் பருவத்தோடு ஆடாமல், ஒரே சீராக ஒரே திசையில் போகிற பிழை. சீரான பிழைதான் திருத்தத் தகுந்த பிழை. 90 நாளில் 11.40 விநாடி என்பது நாளுக்கு 0.1267 விநாடி. அதை 0.0864ஆல் வகுத்தால் 1.47 பிபிஎம். தயாரிப்பாளர் சொன்ன 2 பிபிஎம் வரம்புக்குள்தான் இருக்கிறது.

டிஎஸ்3231இல் `0x10` என்ற முகவரியில் முதுமைத் திருத்த ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. படிகங்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறுவதை ஈடுகட்ட வைத்தது என்பதால் அந்தப் பெயர். −128 முதல் +127 வரை ஓர் எண்ணை அதில் எழுதலாம். 25 டிகிரியில் ஒரு படி ஏறத்தாழ 0.1 பிபிஎம். நேர் எண் மின்தேக்கத்தைக் கூட்டிப் படிகத்தை மெதுவாக்கும், எதிர் எண் வேகமாக்கும். இந்தக் குறியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'கடிகாரம் முந்துகிறது, ஆகவே கழிக்க வேண்டும்' என்று எதிர் எண்ணை எழுதினால் பிழை இரட்டிப்பாகும். என் கடிகாரம் 1.47 பிபிஎம் முந்துகிறது, ஆகவே எழுத வேண்டியது +15.

```
Wire.beginTransmission(0x68);
Wire.write(0x10);
Wire.write((uint8_t)15);
Wire.endTransmission();

Wire.beginTransmission(0x68);
Wire.write(0x0E);
Wire.write(0x20);
Wire.endTransmission();
```

இரண்டாவது பகுதி, அடுத்த 64 விநாடிச் சுற்றுக்குக் காத்திராமல் வெப்பநிலையை உடனே அளக்கும்படி சிப்பைக் கேட்கிறது. புதிய திருத்தம் அந்த அளவீட்டோடுதான் நடைமுறைக்கு வருகிறது. அங்கே எழுதும் `0x20` என்ற எண்ணே விநாடித் துடிப்பையும் இயங்க வைத்துவிடுவதால் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. செல்லும் மின்சாரமும் ஒருசேரப் போனால் முதுமைத் திருத்தம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதனால் என் நிரல் எழும்போதெல்லாம் அந்த ரெஜிஸ்டரைப் படித்து, 15 இல்லையென்றால் மறுபடி எழுதுகிறது. விநாடி ரெஜிஸ்டரைத் தொடாத வரை இதனால் நேரம் கலைவதில்லை.

ஏப்ரல் 1 மாலையில் திருத்தத்தை எழுதி, நேரத்தையும் புதிதாக வைத்தேன். தொடக்க அளவீடு 0.02 விநாடி. 91 நாள் கழித்து ஜூலை 1இல் 0.93 விநாடி முந்தியிருந்தது. முன்பு அதே இடைவெளியில் 11 விநாடிக்கு மேல் போனதை நினைத்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் கணக்குப்படி இன்னும் 0.1 பிபிஎம் மிச்சம், அதாவது சரியாக ஒரு படி. 16 என்று மாற்றிவிடக் கை துடித்தது.

மாற்றவில்லை. அந்த 91 நாட்களும் ஆண்டின் கொடுமையான வெயில் நாட்கள். பெட்டியின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தால், சிப் பல மதியங்களில் 40 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. வெப்பத்தைச் சிப் ஈடுகட்டினாலும் அந்த ஈடு முழுமையானதல்ல. ஒரு படியின் அளவும் 25 டிகிரியில் இருப்பதுபோல் எல்லா வெப்பநிலையிலும் இருப்பதில்லை. கோடைக்காகத் திருத்தினால் மழைக்காலத்தில் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். டிஎஸ்1307இல் ஜனவரியின் எண்ணை மே மாதத்துக்கு மாட்டிவிட்டு நான் பட்டது போதும்.

அக்டோபர் 1இல் அளந்தபோது கடிகாரம் 0.61 விநாடிதான் முந்தியிருந்தது. இடைப்பட்ட 92 நாளில் முந்தாமல், 0.32 விநாடி பின்வாங்கியிருக்கிறது. 2024 ஜனவரி 1இல் 0.17. கோடையில் ஈட்டியதைப் பெரும்பாலும் அதுவே திருப்பிக் கொடுத்துவிட்டது. ரெஜிஸ்டரில் 15 அப்படியே இருக்கிறது. பெட்டியின் மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால், செல் மாற்றிய தேதியையும், அதற்குக் கீழே '+15' என்றும், 'மின்சாரம் இருக்கும்போதே செல்லை மாற்றவும்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.